களக்காட்டு வாழைத் தோட்டத்துக்குக் கம்பி வேலி: எந்த வலை, எந்தத் தூண், எத்தனை ரோல்?

என் அத்தானுக்குக் களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் ஆறு சென்ட் வாழைத் தோட்டம். செம்மண், கிணற்றுப் பாசனம், தெற்கு ஓரமாக ஒரு சின்ன ஓடை. இத்தனை வருஷமும் உடைமுள்ளை வெட்டி அடைத்துத்தான் காவல். ஆடு மாட்டுக்கு அது போதும். காட்டுப்பன்றிக்குப் போதாது. முள்ளுக்கு அடியில் மூக்கை விட்டு நெம்பிக்கொண்டு வந்து, இரண்டு மாதக் கன்றைக் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிடும். ஒரே ராத்திரியில் இரண்டு வரிசை போன பிறகுதான், கம்பி வலை போட்டுவிடலாம் என்று அத்தான் முடிவு செய்தார். கணக்குப் போடும் வேலை என்னிடம் வந்தது.

கடையில் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை ஏக்கர் அண்ணாச்சி?" இரண்டு ஏக்கர் என்றதும் "24 ரோல் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? இரண்டு ஏக்கர் சொச்சத்தைச் சரியான சதுரமாக நினைத்தால் ஒரு பக்கம் 300 அடி, சுற்றளவு 1200 அடி, 50 அடி ரோலுக்கு 24. ஆனால் சதுரமாக யாருக்கு நிலம் இருக்கிறது? பங்கு பிரித்துப் பிரித்து, 100 அடி அகலத்தில் நீளமாகக் கிடக்கிற நிலங்கள்தான் நம் பக்கம் அதிகம். அதே இரண்டு ஏக்கர் ஆறு சென்ட் 100 அடி அகலத்தில் இருந்தால் நீளம் கிட்டத்தட்ட 900 அடி ஆகும், சுற்றளவு 2000 அடி ஆகும், 40 ரோல் வேண்டும். அதனால் ஏக்கரைச் சொல்லி ரோல் கேட்கக் கூடாது. டேப்பைப் பிடித்துக்கொண்டு சர்வே கல்லுக்குச் சர்வே கல் நடந்துதான் ஆக வேண்டும்.

நடந்தோம். வடக்கு 412 அடி. கிழக்கில் ஒரு வளைவு இருப்பதால் 128, 117 என்று இரண்டு துண்டு. மேற்கு 204. தெற்குப் பக்கம் எஃப்.எம்.பி. என்கிற சர்வே அளவு வரைபடத்தில் 395 அடி வருகிறது. தரையில் டேப் போட்டால் 401. வரைபடம் மட்டமான தூரத்தைச் சொல்கிறது. அங்கே நிலம் ஓடைக்கு இறங்கி ஏறுகிறது, வலையும் அதோடு சேர்ந்து இறங்கி ஏற வேண்டும். அதனால் வேலிக் கணக்குக்குத் தரையில் பிடித்த அளவுதான் சரி. மொத்தம் 1262 அடி. மேற்கில் டிராக்டர் போக 12 அடி கேட். மீதி 1250 அடி.

50 அடி ரோலில் 1250 அடி என்றால் கச்சிதமாக 25. அந்தக் கச்சிதத்தில்தான் ஏமாந்துபோவோம். கேட் தூணிலும் மூலைகளிலும் வலையை மடித்துக் கட்ட வேண்டும், மேடு பள்ளத்தில் கொஞ்சம் தளர்த்தி விட வேண்டும், கையால் இழுத்துக் கட்டுவதால் எல்லா ரோலும் முழு 50 அடிக்கு வந்து நிற்காது. நூற்றுக்கு மூன்று சேர்த்தால் 1288 அடி ஆகிறது. ஆக 26 ரோல். ரோலோடு ரோல் சேர்க்கும் இடத்தில் நீளம் வீணாகாது. ஒரு ரோலின் கடைசிக் கம்பியை மட்டும் சுழற்றிக் கழற்றி, இரண்டு ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே கம்பியை மேலிருந்து சுழற்றிக்கொண்டே இறக்கினால் இரண்டும் பின்னிக்கொள்ளும். இப்படிச் சேர்க்காமல் ஓர் அடிக்கு ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் கட்டுகிற ஆட்களும் உண்டு. 25 இணைப்பு என்றால் அரை ரோல் அதிலேயே போய்விடும், பன்றி நெம்புவதற்கும் அதுதான் தோதான இடம்.

"24 ரோலே போதும், இழுத்துக் கட்டிரலாம்" என்று யாராவது சொன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வலையின் கண் ஒவ்வொன்றும் நாலு மூட்டு உள்ள சட்டம் மாதிரி. பக்கவாட்டில் இழுத்தால் நீளும், நீண்ட அளவுக்கு உயரம் குறையும். 3 அங்குலக் கண் சரியாக நின்றால் மூலைக்கு மூலை நெட்டுக்கும் குறுக்குக்கும் ஒரே அளவு, 4¼ அங்குலம். 24 ரோலை 1250 அடிக்கு இழுத்தால் 5 அடி வலையில் இரண்டரை அங்குலம் காணாமல் போகும். 23 ரோலை இழுத்தால் 60 அங்குலம் 54 ஆகிவிடும். மேலே சமமாகக் கட்டினால் அந்த அரை அடி கீழேதான் இடைவெளியாக நிற்கும், பன்றி நுழைகிற இடத்தில். ஆகவே ஆட்கள் முதல் ரோலைக் கட்டி முடித்ததும் டேப்பை எடுத்து ஒரு கண்ணை நெட்டாகவும் குறுக்காகவும் அளந்து பாருங்கள். குறுக்களவு கூடி நெட்டளவு குறைந்திருந்தால் அங்கேயே அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். ரோலில் 50 அடி இருக்கிறதா என்பதையும் இதே வழியில் பார்த்துக்கொள்ளலாம். 3 அங்குலக் கண் என்றால் நீளவாக்கில் 141 கண் எண்ணிக்கையில் வர வேண்டும்.

அடுத்தது எந்த வலை என்ற கேள்வி. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 10 கேஜ் என்றால் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2.03. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான், எடையில் பெரிது. 5 அடி உயரம், 3 அங்குலக் கண், 50 அடி ரோல் என்று வைத்துக்கொண்டால் 14 கேஜ் சுமார் 16 கிலோ, 12 கேஜ் 27 கிலோ, 10 கேஜ் 41 கிலோ வரும். விலை பெரும்பாலும் கிலோக் கணக்கில் என்பதால், இந்த எடைதான் உங்கள் செலவு.

12 கேஜிலேயே கண்ணை 2 அங்குலமாக நெருக்கினாலும் எடை 40 கிலோவைத் தொடும். அதாவது 12 கேஜ் 2 அங்குலக் கண்ணும் 10 கேஜ் 3 அங்குலக் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே எடை, ஒரே பணம். அந்தக் கூடுதல் பணத்தை நெருக்கத்தில் போடுவதா, கனத்தில் போடுவதா? கோழி, நாய்க்குட்டி, கீரிக்காக என்றால் நெருக்கம் வேண்டும். பன்றிக்கும் மாட்டுக்கும் நெருக்கம் எதற்கு? 3 அங்குலக் கண்ணுக்குள் பன்றிக்குட்டிகூட நுழையாது. 4 அங்குலம் வேண்டாம் என்பது என் கருத்து. ஆடு முகத்தை விட்டு மேய்வதும், கால் மாட்டிக்கொள்வதும் அதில்தான் அதிகம்.

அத்தான் 10 கேஜ் கேட்டார். நான் 12 போதும் என்றேன். 26 ரோலுக்கு 10 கேஜ் என்றால் 1066 கிலோ, 12 கேஜ் என்றால் 702 கிலோ. வித்தியாசம் 364 கிலோ கம்பி. அந்தப் பணத்தில் பாதியைத் தூணுக்கும் அடிக்கம்பிக்கும் போட்டால் பன்றியைத் தடுக்கிற வேலை அதிகம் நடக்கும். ஏனென்றால் பன்றி வலையைக் கிழித்துக்கொண்டு வருவதில்லை. இரண்டு தூணுக்கு நடுவில் அடியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அடி தூக்காமல் இருந்தால் 12 கேஜ் தாங்கும். 14 கேஜ் மட்டும் வேண்டவே வேண்டாம். மாடு ஒரு தடவை கழுத்தைத் தேய்த்தாலே தொந்தி விழுந்து அப்படியே நின்றுவிடும்.

12 கேஜ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 2.4 மில்லிமீட்டர் கம்பியில் பின்னிய வலை வருவது சாதாரணமாக நடக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் தராசில் ஏற்றினால் தெரிந்துவிடும். 27 கிலோ நிற்க வேண்டிய ரோல் 22 கிலோவில் நிற்கும். நாங்கள் ஒரு ரோலை வாங்குமுன் எடை போட்டுக் கேட்டோம். 26½ கிலோ காட்டியது, சரி என்று எடுத்துக்கொண்டோம். பச்சை பிளாஸ்டிக் பூசிய வலை வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சொல்கிற கேஜ் பூச்சோடு சேர்த்தா, உள்ளே இருக்கிற கம்பிக்கா என்று கேட்டு, ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி உள்கம்பியை அளந்துகொள்ளுங்கள். களக்காட்டுப் பக்கம் துத்தநாகப் பூச்சுள்ள ஜிஐ வலையே போதும். உவரி, கூடங்குளம் போலக் கடல் காற்று அடிக்கிற இடத்தில் தோட்டம் இருந்தால் பிளாஸ்டிக் பூச்சுக்குச் செலவு செய்வது நியாயம்.

இனி தூண். நம் பக்கம் மூன்று வழி இருக்கிறது: கல்தூண், சிமெண்ட் தூண், இரும்பு ஆங்கிள்.

8 அடித் தூணை எடுத்துக்கொள்வோம். இரண்டரை அடி மண்ணுக்குள், ஐந்தரை அடி வெளியே. அதில் 5 அடி வலையும் மேலே ஒரு வரி முள்கம்பியும் நிற்கும். 5 அங்குலச் சதுரக் கல் அந்த நீளத்துக்கு 100 கிலோ இருக்கும். 4 அங்குல சிமெண்ட் தூண் 60 கிலோ. 40 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிள் 7 கிலோ சொச்சம். ஆங்கிள் லேசு, ஒரே நாளில் நட்டு முடிக்கலாம், துளை போட்டே வாங்கினால் கம்பி கட்டுவதும் சுலபம். ஆனால் எங்களுக்கு வேண்டிய 129 தூணுக்கு 900 கிலோவுக்கு மேல் இரும்பு ஆகிறது, வலையை விட அதிக எடை. அதோடு ஆங்கிள் துருப்பிடிப்பது உச்சியில் இல்லை, கான்கிரீட்டை விட்டு மண்மட்டத்துக்கு வெளியே வருகிற அந்த ஒரு அங்குலத்தில். அங்கேதான் ஈரமும் காற்றும் சேர்ந்து நிற்கும். வாங்குவதானால் பெயிண்ட் அடித்ததை விட்டுவிட்டு ஜிஐ ஆங்கிளாக வாங்குங்கள், கான்கிரீட் மேல்மட்டத்தை மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே ஏற்றிச் சரிவாகப் பூசிவிடுங்கள்.

சிமெண்ட் தூணின் நல்லது கெட்டது இரண்டும் உள்ளே இருக்கிற கம்பியில் இருக்கிறது. நாலு மூலைக்கும் நாலு கம்பி இருக்க வேண்டும், மேலே முக்கால் அங்குலமாவது சிமெண்ட் மூடியிருக்க வேண்டும். கம்பி ஓரத்துக்கு வந்துவிட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் தூணின் விளிம்போடு நெட்டாக ஒரு விரிசல் விழும், அதில் செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கும். அந்தக் கோட்டைப் பார்த்தால் உள்ளே துரு ஊதுகிறது என்று அர்த்தம். வாங்குகிற இடத்தில் பழைய தூண் ஏதாவது உடைந்து கிடந்தால் அதைப் பாருங்கள், உடைந்த இடத்தில் கம்பி எங்கே நிற்கிறது என்று தெரியும்.

கல் துருப்பிடிக்காது, மட்காது. "மாப்ள, கல்லே போட்டுருவோம், நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கும்" என்றார் அத்தான். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கல்லில் துளை இல்லை, கம்பியைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். வழவழப்பான கல்லில் சுற்று நாளடைவில் கீழே சரியும். அதனால் கம்பி வருகிற மூன்று உயரத்திலும் கல்லின் ஓரத்தில் அரை அங்குலம் உளியால் கொத்திவிடச் சொன்னோம். இறக்கும்போது ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். நல்ல கல் கணீர் என்று கேட்கும், உள்ளே விரிந்த கல் மொத்தென்று கேட்கும். அப்படி இரண்டு கல்லைத் திருப்பி அனுப்பினோம்.

இதே தோட்டம் மானூர்ப் பக்கம் கரிசலில் இருந்திருந்தால் நான் கல்லைச் சொல்லியிருக்கத் தயங்குவேன். கரிசல் கோடையில் வெடித்து மழையில் உப்பும். வெறும் மண் கெட்டித்து நட்ட கனமான கல் மெல்லச் சாயும், சாய்ந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. அங்கே சிமெண்ட் தூணை மூன்றடி ஆழத்தில் நடுவது மேல். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் எந்தத் தூண் போட்டாலும் ஒவ்வொன்றுக்கும் கான்கிரீட் வேண்டும், மணல் பிடிக்காது.

10 அடிக்கு ஒரு தூண் என்றாலும், தூண் எண்ணிக்கை சுற்றளவை 10-ஆல் வகுத்து வருவதில்லை. 1250-ஐ வகுத்தால் 125. ஆனால் ஒவ்வொரு பக்கமும் மூலைக்கல்லில் முடிய வேண்டும் என்பதால் பக்கம் பக்கமாகப் பிரிக்க வேண்டும். 412 அடியை 42 இடைவெளியாக வைத்தால் ஒவ்வொன்றும் 10 அடிக்குள் நிற்கும். 128-க்கு 13, 117-க்கு 12, 401-க்கு 41. மேற்கில் கேட்டுக்கு ஒரு புறம் 60 அடி, அதற்கு 6. மறுபுறம் 132 அடி, அதற்கு 14. மொத்தம் 128 இடைவெளி. கேட் தூணில் தொடங்கி அடுத்த கேட் தூணில் முடிவதால் ஒன்று கூட, 129 கல்.

அது போக, தூண் சாயாமல் சரிவாக முட்டுக் கொடுக்கிற முட்டுக்கல். வேலியின் இழுவை முழுக்க மூலைக்கல்லில்தான் வந்து விழுகிறது. ஐந்து மூலைக்கும் இரண்டு இரண்டாக 10, கேட் தூணுக்கு ஒன்று ஒன்றாக 2. வடக்கும் தெற்கும் 400 அடிக்கு மேல் ஓடுவதால் நூறு அடிக்கு ஒரு கல்லுக்கு இருபுறமும் முட்டு, அதில் 12. ஆக 24 முட்டு, மொத்தம் 153 கல். உடைசலுக்கு மூன்று சேர்த்து 156 வாங்கினோம். முட்டுக்கல்லைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துத் தோட்டமே சாட்சி. மூலைக்கல் மூன்று அங்குலம் உள்ளே சாய்ந்திருக்கிறது, அந்தப் பக்கத்து வலை முழுக்கத் தளர்ந்து அலை அலையாகத் தொங்குகிறது. வலை புதுசு, கல்லும் நல்ல கல். முட்டு இல்லாததால் மட்டும் இந்த நிலை. மூலைக்கும் முட்டுக்கும் மட்டுமாவது ஜல்லி கான்கிரீட் போட்டு ஒரு வாரம் தண்ணீர் விட்டு, அப்புறம் கம்பி இழுங்கள். மற்றக் கற்களுக்குக் குழியில் சரளையும் மண்ணும் மாறி மாறிப் போட்டுக் கடப்பாரையால் குத்திக் கெட்டித்தால் செம்மண்ணில் போதும்.

வலை தானாக நிற்பதில்லை, லைன் கம்பியில் தொங்குகிறது. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று வரி 10 கேஜ் ஜிஐ கம்பி. 1250-ஐ மூன்றால் பெருக்கி, சுற்றுக்கும் முடிச்சுக்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 3940 அடி, எடையில் 78 கிலோ. 80 கிலோ வாங்கலாம்.

கட்டுக்கம்பியைக் கடைசியில், பணமெல்லாம் தீர்ந்த பிறகு வாங்குவதுதான் வழக்கம். அதனாலேயே கொத்தனார் கம்பி கட்டுகிற கறுப்புக் கட்டுக்கம்பி வேலிக்கு வந்து சேர்கிறது. அது கான்கிரீட்டுக்குள் மறையப் போகிற கம்பி, அதற்குப் பூச்சுக் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றிரண்டு பார்த்தால் போதும். நான் பழைய வேலி ஒன்றில் அந்தக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். முறுக்கு அப்படியே பிஸ்கட் மாதிரிப் பொடிந்து விழுந்தது, கல்லில் துரு வழிந்த கறை மட்டும் மிச்சம். வலையில் ஒரு பொட்டுத் துரு இல்லை, ஆனால் பத்து அடிக்குப் பிடிமானமே இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. கல்லைச் சுற்றிக் கட்ட ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டரை அடி, 129 கல்லுக்கு மூன்று வீதம் 387 கட்டு, கிட்டத்தட்ட 970 அடி. இதற்கு 14 கேஜ் ஜிஐ, எட்டுக் கிலோ. வலையை லைன் கம்பியோடு சேர்க்க ஓர் இடைவெளியில் வரிக்கு ஆறு கட்டு, மூன்று வரிக்குப் பதினெட்டு. 128 இடைவெளிக்கு 2304 கட்டு, ஒவ்வொன்றும் 7 அங்குலம், மொத்தம் 1344 அடி. இதற்கு 16 கேஜ் ஜிஐ, ஏழு கிலோ. சேதாரத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ கூட. மொத்தம் 17 கிலோ. 700 கிலோ வலையைத் தாங்கிப் பிடிக்கிற 17 கிலோவில் மிச்சம் பிடிக்கக் கூடாது. முறுக்கும்போது குறடால் மூன்று சுற்று போதும். நாலாவது ஐந்தாவது சுற்றில் கம்பி பளபளவென்று வெளுக்கும், துத்தநாகம் உரிந்துவிட்டது என்று பொருள், துரு அங்கே தொடங்கும். முறுக்கின் நுனியைத் தோட்டத்துக்கு வெளிப்பக்கம் மடக்கிவிடுங்கள், தார் சுமந்து வருகிறவர்களின் தோளைக் கிழிக்காது.

வலையின் அடி விளிம்பை மண்ணைத் தொட்டு நிறுத்தி, அதோடு ஒட்டி ஒரு வரி முள்கம்பியை ஓட விட்டு, ஒவ்வோர் இடைவெளிக்கும் நடுவில் இரண்டடி இரும்பு முளை அடித்து அதில் முள்கம்பியையும் அடி லைன் கம்பியையும் சேர்த்துக் கட்டினோம். 10 அடிக்கு ஒரு பிடி இருந்த இடத்தில் 5 அடிக்கு ஒரு பிடி ஆகிவிட்டது. 10 கேஜ் வலையை விட்டதில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கு இந்த 128 முளைக்குத்தான் போனது. மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று முள்கம்பி இரண்டு வரி, சேதாரத்தோடு 2600 அடி.

ஓடை குறுக்கிடுகிற இடத்தில் மட்டும் வேலியை அப்படியே இறக்கவில்லை. வெள்ளம் வந்தால் வாழைச் சருகும் முள்ளும் வலையில் அடைத்து, வேலியே அணையாகி, இரண்டு பக்கக் கல்லையும் சாய்த்துவிடும். ஓடைக்கு மேலே வலையை நேராக விட்டு, அடியில் மிச்ச ரோலிலிருந்து எட்டடித் துண்டை வெட்டிப் பாவாடை மாதிரித் தொங்க விட்டிருக்கிறோம். அதை 16 கேஜ் கம்பியில் நாலே இடத்தில், ஒற்றைச் சுற்றில் கட்டியிருக்கிறது. தண்ணீர் தள்ளினால் கட்டு அறுந்து வலை மிதந்து கொடுக்கும். மழை விட்ட மறுநாள் அத்தான் குறடும் ஒரு கைக் கம்பியும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கட்டிவிட்டு வருவார்.